டைமர் எண்ணிக்கொண்டே இருந்தது, ஸ்லட்ஜ் மட்டும் போகவில்லை: உங்கள் பிளான்ட்டிலும் நடந்ததா?

கொட்பேக்காரன்

திருகோணமலையில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் மின்சார வேலை பார்க்கிறேன். கழிவுநீர் பிளான்ட்டும் என் பொறுப்புத்தான். போன மார்கழியில் ஒன்பது நாள் எங்களை அலைக்கழித்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன், இதே மாதிரி வேறு எங்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

கழுவின தண்ணீர் முதலில் சமப்படுத்தும் தொட்டிக்கு வரும். அங்கிருந்து பீட் பம்ப் மணிக்கு 5 கனமீட்டர் தூக்கும், வழியில் அலமும் பொலிமரும் சேரும், அப்புறம் கூம்பு அடி வைத்த செட்லிங் தொட்டி. கூம்பில் இறங்கும் சேற்றை, அதுதான் ஸ்லட்ஜ், ஒரு ஸ்குரூ பம்ப் 45 நிமிடத்துக்கு ஒரு தடவை 3 நிமிடம் இழுத்து ஸ்லட்ஜ் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். பிளான்ட்டை ஓடவிட்டது ஆனி மாதம். கடல் அமைதி, மீன் வரத்து நல்லது, ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை.

வாடை தொடங்கிப் போட்டுகள் கடலுக்குப் போகாமல் நின்றதும்தான் வினை. வேலை குறைந்து தண்ணீரும் குறைந்தது, ஆனால் செட்லிங் தொட்டியில் கறுப்புக் கட்டிகள் குமிழியோடு மேலே வந்து மிதக்கத் தொடங்கின, அழுகின முட்டை நாற்றம் கேற் வரைக்கும் வந்தது. பனலில் பார்த்தால் ஆட்டோ பச்சை விளக்கு எரிகிறது, திரையில் டைமர் எண்ணுகிறது, ஒரு அலாரமும் இல்லை. எட்டாம் நாள் மாலை பம்ப்பின் மணிக்கணக்கு மீற்றரைக் குறித்து வைத்தேன், ஒன்பதாம் நாள் காலையில் அதே எண். பழைய பதிவுப் புத்தகத்தைப் புரட்டினால் ஒன்பது நாளாகவே அது அசையவில்லை.

காரணம் இதுதான். பம்ப்புகளைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி-யில் அந்த 45 நிமிடம் ஒரு சாதாரண `TON` டைமர். அதன் உள்ளீட்டில் பீட் பம்ப் ஓடுவது, ஸ்லட்ஜ் தொட்டி நிரம்பாதது எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். உள்ளீடு ஒரு கணம் விழுந்தாலும் `TON` பூச்சியத்துக்குப் போய்விடும். எங்கள் சமப்படுத்தும் தொட்டியில் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையில் 2 கனமீட்டர். சீசனில் மணிக்கு 4 கனமீட்டர் வரும்போது தொட்டி நிகரமாக 1 தான் குறையும், பீட் பம்ப் 2 மணித்தியாலம் விடாமல் ஓடும், டைமர் தாராளமாக 45-ஐத் தாண்டும். மழைக்காலத்தில் 1 கனமீட்டர்தான் வந்தது, அப்போது நிகரமாக 4 குறைகிறது, அரை மணித்தியாலத்தில் பம்ப் நின்றுவிடும். டைமர் முப்பதில் விழும், மறுபடி முப்பதில் விழும். கணக்குப் பார்த்தால் வரத்து மணிக்கு சுமார் 2.3 கனமீட்டருக்குக் கீழே போனாலே ஸ்லட்ஜ் பம்ப் ஒரு தடவைகூட ஓடாது.

சல்லிக்கரை

அண்ணன், எங்களுக்கும் கட்டி மிதந்தது. நாங்கள் 3 நிமிடத்தை 10 ஆக்கினோம், சரியாகிவிட்டது. டைமரைக் கூட்டிப் பாருங்கள்.

கொட்பேக்காரன்

தம்பி, உங்கள் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, நேரம்தான் போதவில்லை. எங்களுடையது தொடங்கவே இல்லை, அதனால் ஓடும் நேரத்தை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. மனுவலில் 10 நிமிடம் ஓட்டியும் பார்த்தேன். முதல் ஒரு நிமிடம் தார் மாதிரி வந்தது, அப்புறம் தெளிந்த தண்ணீர். நாள்கணக்கில் கூம்பில் இறுகின ஸ்லட்ஜின் நடுவே பம்ப் ஒரு ஓட்டை போட்டு மேல் தண்ணீரை இழுக்கிறது, ஓரத்தில் இருப்பது அப்படியே ஒட்டியிருக்கிறது. கடைசியில் தொட்டியை இறக்கிக் குழாய் அடித்துத்தான் கழுவினோம்.

நிலாவெளிப் பக்கம்

நான் ஒரு ஹொட்டேல் பிளான்ட் பார்க்கிறேன். எங்கள் ஸ்லட்ஜ் பம்ப் காற்றூட்டும் தொட்டிக்குத் திரும்ப அனுப்புவது. அதையும் 45 நிமிடத்துக்கு ஒரு தடவை வைத்தால் போதுமா? கரண்ட் பில் குறையும்.

பழைய கமிஷனிங் ஆள்

வேண்டாம் மகள், அது வேறு பம்ப். கொட்பே தம்பி சொல்வது வெளியேற்றும் ஸ்லட்ஜ். உங்களுடையதில் வருவது உயிருள்ள கிருமி, அது இரண்டாம் தொட்டி அடியில் அதிக நேரம் கிடந்தால் காற்றில்லாமல் கெட்டுப்போகும், கட்டியாக மேலே வரும், காற்றூட்டும் தொட்டியிலும் கிருமி குறையும். நிறுத்தி ஓட்டுவதென்றால் இடைவெளியைச் சிறிதாக வைத்து, தொட்டியில் ஸ்லட்ஜ் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று நாளும் அளந்து பாருங்கள்.

தம்பி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். `TON`-ஐ மாற்றி, உள்ளீடு விழுந்தாலும் எண்ணினதைப் பிடித்து வைக்கும் `TONR` போடுவது பாதி வேலைதான். எதை எண்ண வேண்டும் என்பதைத் தீர்மானியுங்கள். ஸ்லட்ஜ் உண்டாவது பீட் ஓடும்போது, ஆகவே பீட் ஓடின நேரத்தை மட்டும் சேர்த்து எண்ண வேண்டும். ஸ்லட்ஜ் தொட்டி நிரம்பினது பம்ப்பைத் தடுக்கலாம், எண்ணிக்கையைத் தொடக்கூடாது. நான் எழுதுவது இப்படி, ஓவர்லோட், உலர் ஓட்டத் தடை எல்லாம் கடைசி வரியில் சேரும்:

```
#tFeed(IN := #FeedRun, R := #Done, PT := T#45m);
IF #tFeed.Q THEN #Req := TRUE; END_IF;
#tRun(IN := #SludgeRun, R := #Done, PT := T#3m);
#Done := #tRun.Q;
IF #Done THEN #Req := FALSE; END_IF;
#SludgeRun := #Req AND NOT #HoldHigh;
```

இரண்டுமே `TONR`. கோரிக்கை எழுந்த பிறகு தொட்டி நிரம்பியிருந்தால் அது காத்திருக்கும், தொட்டி இறங்கினதும் மிச்ச நிமிடம் ஓடும். கரண்ட் போய் வரும் இடமென்பதால் டைமர்களையும் `#Req`-ஐயும் `Retain` ஆக வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் பழைய கதைதான். `#Req` ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிறைவேறாமல் நின்றால் அலாரம் அடிக்க வேண்டும். உங்களுக்கு ஒன்பது நாள் போனது, பம்ப் ஓடவில்லை என்று சொல்ல ஒரு அலாரமும் இல்லாததால்.

கிண்ணியா_பிளான்ட்

எங்களுக்கு டோசிங்கில் நடந்தது. அலம் பம்ப் ஓடுவதற்கான அனுமதியை பீட் பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் கொன்டாக்டரிலிருந்து எடுத்திருந்தார்கள். ஒரு இரவு பீட் பம்ப் காற்றுப் பிடித்துத் தண்ணீர் தூக்காமல் சும்மா சுற்றியது, கொன்டாக்டர் ஓனில்தான் இருக்கிறது, அலம் விடிய விடிய நின்ற தண்ணீரில் ஊற்றியது. காலையில் பி.எச் 4-க்குக் கிட்ட. காற்றூட்டும் தொட்டி பழைய நிலைக்கு வர இரண்டு கிழமை எடுத்தது. இப்போது குழாயில் ப்ளோ சுவிட்ச் வைத்து, 20 விநாடி ஓட்டம் இருந்தால்தான் டோசிங், ஓட்டம் நின்றால் உடனே நிறுத்தம்.

கொட்பேக்காரன்

மீன் கொழுப்புக்கு அந்தச் சுவிட்ச் நிற்குமா அண்ணன்? எங்கள் குழாயில் ஒரு கிழமையில் துடுப்பு ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் இருக்கிறது என்ற நிலையில் ஒட்டிக்கொண்டால் கொன்டாக்டரை நம்பினதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லையே.

கிண்ணியா_பிளான்ட்

ஒட்டுகிறதுதான், நாங்கள் வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்கிறோம்.

பழைய கமிஷனிங் ஆள்

பீட் நின்ற பிறகும் சுவிட்ச் ஓட்டம் காட்டினால் அதை ஃபோல்ட் என்று எடுக்கும்படி எழுதினால் ஒட்டினது தெரிந்துவிடும். ஓட்டத்தை அளக்கும் காந்த மீற்றர் போட்டால் துடுப்பே இல்லை, ஆனால் விலை. அதன் உள்சுவரிலும் கொழுப்புப் படியும், எத்தனை மாதம் சரியாகக் காட்டும் என்று மீன் ஆலையில் ஓட்டிப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

கொட்பேக்காரன்

டைமரை நேற்று மாற்றிவிட்டேன், நீங்கள் எழுதினபடிதான். நேற்றிரவு பீட் 30 நிமிடம் ஓடி நின்றது, 30-இல் பிடித்து வைத்திருந்தது, அடுத்த தடவை பீட் தொடங்கி 15 நிமிடத்தில் ஸ்லட்ஜ் பம்ப் ஓடியது. கட்டியாக வந்தது, கடைசி வரைக்கும் தண்ணீர் வரவில்லை. மணிக்கணக்கு மீற்றரை இனி ஒவ்வொரு காலையும் குறிக்கிறோம். மீன் ஆலையில் காந்த மீற்றர் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், அடுத்த வாடைக்கு முன் டோசிங்கையும் மாற்ற வேண்டும்.