செட்டில்மெண்டா, உயிலா: ஆறு மா நஞ்சை யாருக்கு?

மன்னார்குடி மகள்: அப்பா 2016-ல் ஆறு மா நஞ்சையைத் தம்பிக்குச் செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தார். 2019-ல் தனியாகப் போய் அதை ரத்து செய்தார். 2021-ல் அதே நிலத்தை எனக்கு உயில் எழுதினார். போன தையில் காலமாகிவிட்டார். எது செல்லும்?

வெண்ணாற்றங்கரை: கடைசியாக எழுதியதுதான் செல்லும். உங்களுக்குத்தான் நிலம்.

பழைய பத்திர எழுத்தர்: கடைசியாக எழுதியது என்ற கணக்கெல்லாம் இரண்டு உயில்களுக்கு நடுவில்தான். உயில் பேசத் தொடங்குவதே எழுதியவர் இறந்த பிறகு. அதுவரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல. பதிவாகி, தம்பி ஏற்றுக்கொண்டிருந்தால் நிலம் அப்போதே கைமாறிவிட்டது. அப்புறம் தம்பியைக் கேட்காமல் அப்பா மட்டும் எழுதிய ரத்துப் பத்திரம் நிற்காது. ஏமாற்றி எழுதி வாங்கினான் என்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் தலைப்பை நம்பாதீர்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது?

மன்னார்குடி மகள்: "என் ஆயுள்வரை நானே அனுபவித்துக்கொண்டு, என் காலத்திற்குப் பிறகு நீ சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது." சாகுபடி, பட்டா எல்லாம் கடைசிவரை அப்பாவிடம்தான் ஐயா.

வெண்ணாற்றங்கரை: "என் காலத்திற்குப் பிறகு" என்று இருக்கிறதே! அப்படியானால் இதுவே உயில்தான்.

பழைய பத்திர எழுத்தர்: பாதி சரி. அந்த வரிக்கு மேலே பாருங்கள் அம்மா. "இன்று முதல் உனக்குப் பாத்தியப்படுத்திவிட்டேன்" என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால், உரிமை 2016-லேயே போய்விட்டது, அப்பா வைத்துக்கொண்டது விளைச்சலை மட்டும். ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: கொடுத்தவர் ஆயுள்வரை அனுபவத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டாலும் தானம் செல்லும். பட்டாவும் சாகுபடியும் அப்பாவிடம் இருந்தது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அந்த வரி இல்லாமல், உரிமையே இறந்த பிறகுதான் போகும் என்று இருந்தால், வெண்ணாற்றங்கரை சொல்வது சரி. 2021 உயில் அதைத் தள்ளிவிடும்.

குடந்தைக்காரன்: எங்கள் அத்தை தன் மகனுக்கு எழுதிக்கொடுத்தார். அவன் சோறு போடவில்லை. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துத் திரும்ப வாங்கினோம். நீங்களும் கொடுங்கள்.

பழைய பத்திர எழுத்தர்: அது 2007 மூத்த குடிமக்கள் சட்டம், பிரிவு 23. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்த பெரியவருக்கான பாதுகாப்பு அது. பிள்ளைகள் பங்குச் சண்டைக்கு அங்கே போக முடியாது.

மன்னார்குடி மகள்: "இன்று முதல் பாத்தியம்" என்ற வரி இருக்கிறது. ஆனால் பதிவின்போது தம்பி சிங்கப்பூரில். மூலப் பத்திரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது.

பழைய பத்திர எழுத்தர்: உங்களுக்கு இருக்கிற ஒரே பிடி அதுதான். அப்பா உயிரோடு இருக்கும்போதே தம்பி ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஏதாவது அடையாளம் உண்டா?

மன்னார்குடி மகள்: 2018 பொங்கலுக்கு வந்தவன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் போனான். அப்பாதான் பெட்டியைத் திறந்து கொடுத்தார்.

வெண்ணாற்றங்கரை: ஜெராக்ஸ் எடுத்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடுமா என்ன?

பழைய பத்திர எழுத்தர்: தம்பியின் வக்கீல் ஆகும் என்பார். பெட்டியைத் திறந்தபோது கூட யார் இருந்தார்கள் அம்மா?