"சக மதிப்பாய்வு பெற்ற ஆய்வு" என்று சொல்லக் கேட்டு ஏமாந்த, அல்லது ஏமாறாத, அனுபவங்களைப் பகிருங்கள்

உதகை, கல்லூரி ஆசிரியர்

சீகை மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது என்று சொல்லும் கட்டுரை ஒன்று மதிப்பாய்வுக்காக என்னிடம் வந்தது. சீகைக் காட்டில் 40 குழிகளும் புல்வெளியில் 40 குழிகளும் தோண்டி ஈரத்தை அளந்திருந்தார்கள். கணக்கில் குறை இல்லை. கடைசிப் பக்கத்து வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உறுத்தியது. சீகைக் குழிகள் நாற்பதும் ஒரே செங்குத்துச் சரிவில் இருந்தன. புல்வெளிக் குழிகள் நாற்பதும் சதுப்பை ஒட்டிய ஒரே தாழ்வில் இருந்தன. அப்படியென்றால் ஒப்பிடப்பட்டவை எண்பது இடங்கள் அல்ல, இரண்டே இடங்கள். ஈரம் குறைந்தது மரத்தாலா சரிவாலா என்று அந்தத் தரவைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஒரே வகைச் சரிவில், தனித்தனியான பல காடுகளையும் புல்வெளிகளையும் இணை இணையாக அளக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். இன்னொரு மதிப்பாய்வாளர் மூன்று வரியில் "மொழியைத் திருத்தவும்" என்று முடித்திருந்தார். இதழாசிரியர் கட்டுரையை நிராகரித்தார்.

ஏழு மாதம் கழித்து அதே கட்டுரை வேறோர் இதழில் வந்தது. பெறப்பட்ட நாளுக்கும் ஏற்கப்பட்ட நாளுக்கும் ஒன்பது நாள் இடைவெளி. சொற்கள் மாறவில்லை, வரைபடத்தை மட்டும் காணோம்.

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி

எனக்கும் இதேதான் நடந்தது. தெளிப்பு மருந்து விற்க வந்தவர், நிபுணர்கள் சரிபார்த்த ஆய்வு என்று ஒரு தாளைக் காட்டினார். அரசாங்கம் சோதித்து ஒப்புதல் கொடுத்தது போலும் என்று நினைத்துக்கொண்டு அரை ஏக்கருக்கு அடித்தேன். பசுந்தேயிலை ஒரு கிலோகூடக் கூடவில்லை. பிறகு என் மகள் ஆய்வை வாசித்துச் சொன்னாள்: அவர்கள் சோதித்தது பாலித்தீன் பையில் வளர்ந்த நாற்றுகளில். என் தோட்டத்துச் செடிகள் என் அப்பா நட்டவை. இரண்டு நிபுணர்கள் பார்த்தும் இதைக் கவனிக்கவில்லையா?

கொடைக்கானல்

உதகை நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல இதழில் மதிப்பாய்வு என்றால் ஆய்வை மறுபடி செய்து பார்த்துத்தான் வெளியிடுவார்கள். அப்படிச் செய்யாதவை காசு வாங்கிக்கொண்டு போடும் இதழ்கள். ஆகவே பெயர்பெற்ற இதழ்களை மட்டும் படியுங்கள், மேற்கோள் எண்ணிக்கையைப் பாருங்கள், இதழ் எத்தனை ஆண்டுகளாக வருகிறது என்று பாருங்கள், ஆசிரியர் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இவ்வளவையும் செய்தால் ஏமாற வழியே இல்லை. எனக்கென்று சொல்ல அனுபவம் ஏதும் இல்லை.

குன்னூர், ஆய்விதழ் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

மறுபடி செய்து பார்ப்பதில்லை, ஐயா. சம்பளமில்லாத இருவரோ மூவரோ, சொந்த வேலைக்கு நடுவே சில மணி நேரம் ஒதுக்கி, எழுதி வந்ததை வாசிக்கிறார்கள். மூலத் தரவு பெரும்பாலும் அவர்கள் கைக்கு வருவதே இல்லை. லான்செட்டைவிடப் பெயர்பெற்ற இதழைச் சொல்வது கடினம். 2020 மே மாதம், கொரோனாவுக்குக் கொடுத்துவந்த ஹைட்ராக்சி குளோரோகுயின் மருந்து பற்றி, 96,000 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரை மதிப்பாய்வைத் தாண்டி அதில் வெளியானது. ஆஸ்திரேலியாவின் ஐந்து மருத்துவமனைகளில் நிகழ்ந்ததாக அது காட்டிய கொரோனா இறப்புகள், அந்த நாடு முழுவதற்குமான அன்றைய எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருப்பதை வெளியான பிறகு வாசித்தவர்கள்தாம் கண்டார்கள். மூலத் தரவைச் சரிபார்க்க வழியில்லாமல் போனதால், எழுதியவர்களில் மூவர் இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்று. 1998-இல் வெளியான ஒரு சோதனையில், பிரிட்டிஷ் மருத்துவ இதழின் மதிப்பாய்வாளர்களுக்கு வேண்டுமென்றே எட்டுக் குறைகள் நுழைத்த கட்டுரையை அனுப்பினார்கள். பதில் எழுதிய 221 பேர் சராசரியாக இரண்டைத்தான் கண்டுபிடித்தார்கள்.

கோத்தகிரி அண்ணனுக்கு: நாற்றில் சோதித்தோம், நாற்றில் பலன் கிடைத்தது என்று கட்டுரை சொன்னால் மதிப்பாய்வாளர் அதில் குறை சொல்ல இடமில்லை. அதை உங்கள் தோட்டத்துக்கு நீட்டியது விற்க வந்தவர். அவர் காட்டிய தாளை எவரும் மதிப்பாய்வு செய்யவில்லை.

கொடைக்கானல்

லான்செட் செய்தி விதிவிலக்கு. திரும்பப் பெற்றார்களே, அதுவே முறை வேலை செய்ததற்குச் சான்று.

உதகை, கல்லூரி ஆசிரியர்

முறை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அங்கே பிடித்தவர்கள் மதிப்பாய்வாளர்கள் அல்ல, வாசகர்கள். என் சிக்கல் வேறு. மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரையை இரகசியமாக வைத்திருக்க வேண்டியவன் நான். அந்த வரைபடத்தை நான் பார்த்தேன் என்று இரண்டாம் இதழுக்கு எப்படி எழுதுவது?

குன்னூர்

வெளியானதில் இருப்பதை மட்டும் வைத்து, ஒரு வாசகராக எழுதுங்கள். பின்னிணைப்பில் இட விவரம் ஏதும் விட்டுவைத்திருக்கிறார்களா?

உதகை, கல்லூரி ஆசிரியர்

இப்போதுதான் திறந்து பார்த்தேன். அட்சரேகை, தீர்க்கரேகை அட்டவணையை எடுக்க மறந்திருக்கிறார்கள். சீகைக் குழிகளுக்கான வரிசைகள் நாற்பதிலும் புள்ளிக்குப் பின் முதல் இரண்டு இலக்கங்கள் ஒன்றேதான். அதாவது எல்லாம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள். கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் இதழ் நிராகரித்ததை அதில் சொல்லலாமா கூடாதா என்பதில்தான் இன்னும் மனம் நிலைக்கவில்லை.