விற்பனை வேகம்: நான்கில் எதைப் பிடித்து இழுப்பது?

சேதராப்பட்டு: வணக்கம். புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆர்.ஓ. பிளாண்ட் விற்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. கையில் ஓடும் டீல் 40, சராசரி மதிப்பு 3 லட்சம், வெற்றி விகிதம் 25%, முடிய 60 நாள். இவற்றை வைத்து விற்பனை வேகத்தை, அதாவது நாளுக்கு எத்தனை ரூபாய்க்கு ஆர்டர் வருகிறது என்பதை, இப்படிப் போட்டேன்.

```
40 × 3,00,000 × 0.25 ÷ 60 = 50,000 (ஒரு நாளைக்கு)
```

ஒவ்வொன்றையும் 10% மாற்றிப் பார்த்தேன். டீல், மதிப்பு, வெற்றி மூன்றில் எதைக் கூட்டினாலும் 55,000. நாளைக் குறைத்தால் மட்டும் 55,556. அப்படியென்றால் நாளைக் குறைப்பதுதான் சரியான வழியா?

வில்லியனூர்: நாளை விடுங்கள், வெற்றி விகிதத்தைப் பிடியுங்கள். 10% தள்ளுபடி கொடுத்தால் இழுபறியில் நிற்கும் லாட்ஜ்காரர்கள் உடனே கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் கடையில் அப்படித்தான் ஓடுகிறது.

முதுநகர்: தம்பி, அந்த 556 ரூபாய் வித்தியாசம் உங்கள் வியாபாரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேலே இருப்பதை 10% கூட்டினால் விடை 10% கூடும், கீழே இருப்பதை 10% குறைத்தால் 11% கூடும். யார் எண்ணைப் போட்டாலும் இதே கதைதான். எதை மாற்ற உங்களால் முடியும், அதற்கு என்ன செலவு என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த 3 லட்சம் கொட்டேஷன்களின் சராசரியா, ஆர்டர் ஆனவற்றின் சராசரியா?

வில்லியனூர் சார் சொல்வதில் பாதி சரி, தள்ளுபடி வெற்றியைக் கூட்டும். ஆனால் மதிப்பு 10% இறங்கிவிட்டால், வெற்றி 25%இலிருந்து ஏறக்குறைய 28% ஆனால்தான் பழைய இடத்துக்கே வருவீர்கள். லாபம் அதைவிட வேகமாகத் தேயும். இந்தச் சூத்திரத்தில் அது தெரியவே தெரியாது.

சேதராப்பட்டு: கொட்டேஷன் சராசரிதான் அண்ணா. ஆர்டர் ஆனவற்றை மட்டும் எடுத்தால் 2 லட்சம்கூட வரவில்லை.

முதுநகர்: அப்போது இரண்டு வகை வாடிக்கையாளர்கள் ஒரே சராசரியில் கலந்திருக்கிறார்கள். பெரியவை கொட்டேஷனோடு நின்றுவிடுகின்றன, சின்னவை ஆர்டர் ஆகின்றன. பிரித்துப் போடுங்கள்.

சேதராப்பட்டு: பிரித்தேன்.

லாட்ஜ், ஓட்டல்: 30 டீல், 1.2 லட்சம், 30%, 30 நாள். நாளுக்கு 36,000.
சிப்காட் தொழிற்சாலைகள்: 10 டீல், 8.4 லட்சம், 10%, 150 நாள். நாளுக்கு 5,600.

கூட்டினால் 41,600தான். 50,000 எங்கே போனது?

முதுநகர்: அது இருந்ததே இல்லை. தொழிற்சாலையின் பெரிய மதிப்போடு லாட்ஜின் நல்ல வெற்றி விகிதம் பெருக்கப்பட்டதால் வந்த எண் அது. தொழிற்சாலையில் வெற்றியை இரட்டிப்பாக்கினாலும் 5,600தான் கூடும். லாட்ஜில் 30 நாளை 24 ஆக்கினால் 45,000, அதாவது 9,000 கூடும்.

ஆனால் நாள் குறைந்தால் பலன் வர ஒரு நிபந்தனை உண்டு. ஒரு டீல் முடிந்த இடத்தில் இன்னொன்று உடனே வந்து உட்கார வேண்டும். என்கொயரி இப்போது வரும் அளவிலேயே வந்தால், 24 நாளில் முடிக்க முடிக்க கையிலிருக்கும் டீலும் 30இலிருந்து 24 ஆகிவிடும். அதைச் சூத்திரத்தில் போட்டால் மறுபடியும் அதே 36,000. ஆகவே உங்களிடம் என்கொயரி காத்துக் கிடக்கிறதா என்பதுதான் கேள்வி.

பாகூர்: நான் சோலார் விற்கிறேன். இந்த எண்ணை வைத்து ஆட்களுக்குக் கமிஷன் நிர்ணயிக்கலாமா?

முதுநகர்: அது தனிக் கேள்வி, தனியாகப் போடுங்கள். ஆளுக்கு நாலைந்து ஆர்டரை வைத்துப் போட்டால் எண் மாதாமாதம் தாவும், சண்டைதான் வரும்.

சேதராப்பட்டு: கோடையில் காத்துக் கிடக்கிறது அண்ணா. இடம் பார்க்கப் போவது இரண்டே பேர். ஒரே லாட்ஜுக்கு மூன்று நடை: தண்ணீர் எடுக்க ஒன்று, ரிப்போர்ட் வந்ததும் அளவெடுக்க ஒன்று, கொட்டேஷன் கொடுக்க ஒன்று. சாம்பிள்களையும் சேர்த்துவைத்து வாரத்துக்கு ஒருமுறைதான் லேபுக்கு அனுப்புகிறோம். மழைக்காலத்தில் என்கொயரியே குறைவு.

முதுநகர்: அப்போது கோடைக்கு நாள், மழைக்காலத்துக்கு என்கொயரி. வருடம் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. கோடையில் முதல் நடையிலேயே டி.டி.எஸ். மீட்டரால் பார்த்து, அளவும் எடுத்து, அன்றே ஒரு வரம்பு விலை சொல்லிவிடுங்கள். நம் கடலோரத்தில் உப்பு தெருவுக்குத் தெரு மாறும், அதனால் பக்கத்து லாட்ஜின் எண்ணை நம்ப வேண்டாம். மீட்டர் இரும்பைக் காட்டாது; இறுதி விலை லேப் ரிப்போர்ட்டுக்குப் பிறகுதான் என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள்.

வில்லியனூர்: வரம்பு விலை சொன்னால் லாட்ஜ்காரர் கீழ் விலையைத்தானே பிடித்துக்கொள்வார்?

முதுநகர்: சிலர் பிடிப்பார்கள் சார். மதிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு கோடை பார்த்தால்தான் தெரியும்.

சேதராப்பட்டு: தொழிற்சாலைகளை விட்டுவிடலாமா? முடிந்த பத்தில் ஒன்றுதான் ஆர்டர் ஆனது.

முதுநகர்: பத்தில் ஒன்றை வைத்து 10% என்று நம்பாதீர்கள். இன்னொன்று விழுந்திருந்தால் 20% என்று எழுதியிருப்பீர்கள். தோற்ற ஒன்பதும் எந்தத் தேதியில், எந்தக் கட்டத்தில் நின்றன என்று எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.