முதல் சின்-அப்புக்கு முன்னால் முழங்கை வலி: குடும்பக் குழுவில் பேசியது

கார்த்திக்: நித்யா அக்கா, ஒரு சந்தேகம். ஜிம்மில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பாரில் தொங்கித் தாடை பாருக்கு மேலே வரும்வரை உடம்பை இழுக்கிற சின்-அப், அதில் ஒன்றாவது எடுத்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன். இரண்டு வாரமாக வலது முழங்கையில் வலி. முதலில் பயிற்சி முடிந்த பிறகுதான் வலித்தது. இப்போது பாட்டில் மூடியைத் திருகினாலே சுருக்கென்கிறது.

செல்வி சித்தி: எனக்கும் இதேதான் கண்ணா. ஈரத் துணியைப் பிழிந்தால் முழங்கையில் விண்விண்ணென்று தெறிக்கும். ஒரு மாதம் கையை அசைக்காமல் வைத்துக்கொள், சரியாகிவிடும்.

பிரபு அண்ணன்: அதெல்லாம் வேண்டாம் சித்தி. தம்பி, உனக்கு இன்னும் பலம் வரவில்லை, அவ்வளவுதான். ஸ்டூலில் ஏறித் தாடையை பாருக்கு மேலே வைத்துக்கொள். அங்கிருந்து மெதுவாக இறங்கு. இதுதான் நெகட்டிவ். இதைச் செய்துதான் என் முதல் புல்-அப் வந்தது.

கார்த்திக்: அதைத்தானே அண்ணா செய்கிறேன். 6 செட், செட்டுக்கு 5. ஞாயிறு தவிர தினமும்.

நித்யா: தினமுமா? எத்தனை நாளாக?

கார்த்திக்: ஒரு மாதமாக அக்கா. அதற்கு முன்பு வாரம் இரண்டு நாள், நாளுக்குப் பத்து நெகட்டிவ்தான். வேகமாக முன்னேறலாம் என்று கூட்டிவிட்டேன்.

நித்யா: வாரத்துக்கு 20 இருந்தது ஒரே தாவலில் 180 ஆகிவிட்டது. உன் எடை என்ன?

கார்த்திக்: 82 கிலோ.

நித்யா: சரி. முதலில் வலி எங்கே என்று பார்ப்போம். கையை மேசையில் மல்லாத்தி வை, உள்ளங்கை மேலே பார்க்கட்டும். இடது கையால் வலது உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது மணிக்கட்டை மேலே மடக்கப் பார். எங்கே வலிக்கிறது?

கார்த்திக்: முழங்கையின் உள்பக்கம், உடம்பை ஒட்டி இருக்கும் பக்கம். அங்கே புடைத்த எலும்பு ஒன்று இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் கீழே. விரலால் அழுத்தினாலும் சரியாக அதே இடம்தான்.

நித்யா: விரல்களையும் மணிக்கட்டையும் மடக்குகிற தசைகளில் பல அந்த எலும்பில்தான் போய்ச் சேர்கின்றன. சேரும் இடத்தில் தசையை எலும்போடு இணைக்கிற நார், அந்த டெண்டன்தான் உனக்கு வலிக்கிறது. சித்தி, உங்களுக்கு வெளிப்பக்கம்தானே?

செல்வி சித்தி: ஆமாம்மா, வெளிப்பக்கம். இரண்டும் ஒன்றில்லையா?

நித்யா: இல்லை சித்தி. உங்களுடையது மணிக்கட்டைப் பின்னால் தூக்குகிற தசைகளின் டெண்டன். இப்போதைக்கு எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்குங்கள், வலி குறைகிறதா என்று பாருங்கள். நான் தனியாக அழைக்கிறேன். கார்த்திக், பாரில் தொங்கும்போது யாராவது எடுத்த வீடியோ இருக்கிறதா?

கார்த்திக்: இருக்கிறது, அனுப்புகிறேன்.

நித்யா: பார்த்துவிட்டேன். நாலாவது நொடியில் நிறுத்தி உன் மணிக்கட்டைப் பார். தாடையை பாருக்கு மேலே வைத்துக்கொள்ளும் அவசரத்தில் மணிக்கட்டை உள்ளே சுருட்டிக்கொண்டிருக்கிறாய். கைமுட்டிகள் உன் முகத்தைப் பார்க்கின்றன. அந்த நேரத்தில் உன் 82 கிலோவையும் முதுகு மட்டும் தாங்கவில்லை, அந்தச் சின்ன டெண்டனும் சேர்ந்து தாங்குகிறது. இன்னொன்று, கீழே வரும்போது கடைசிப் பகுதியில் என்ன ஆகிறது?

கார்த்திக்: அங்கே பிடிமானம் போய்விடும் அக்கா. தொப்பென்று விழுந்து கை நீண்டுவிடும்.

நித்யா: அந்த வெட்டு இழுப்பும் முழங்கைக்குத்தான் போகிறது, செட்டுக்கு ஐந்து முறை.

பிரபு அண்ணன்: நித்யா, நெகட்டிவ் தப்பு என்று சொல்கிறாயா? எத்தனையோ பேர் அதில்தான் முதல் புல்-அப் எடுத்திருக்கிறார்கள்.

நித்யா: தப்பே இல்லை அண்ணா. பலம் வருவது உண்மைதான். ஆனால் அது சுலபமான படி என்று நினைப்பதுதான் சிக்கல். தூக்க முடியாத எடையைக்கூட நம்மால் இறக்க முடியும். அதனால் ஒரு சின்-அப்கூட வராதவர்கூட நெகட்டிவில் முழு உடல் எடையையும் முழங்கையில் ஏற்றிவிடுகிறார். தசை சில வாரத்தில் பழகிவிடும், டெண்டன் பின்தங்கித்தான் வரும். நெகட்டிவ் கடைசிப் படி அண்ணா, முதல் படி இல்லை.

பிரபு அண்ணன்: ம்ம். நான் ஆரம்பித்தபோது 60 கிலோதான் இருந்தேன். அதுவும் வாரம் இரண்டு நாள்தான் செய்தேன்.

நித்யா: அதனால்தான் உங்களுக்குத் தாங்கியது.

ரவி மாமா: எனக்கு ஒன்று. போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினால் சுண்டுவிரல் மரத்துப் போகிறது. அதுவும் உள்பக்க முழங்கை விஷயம்தானா?

நித்யா: அது டெண்டன் இல்லை மாமா, அந்த எலும்புக்குப் பின்னால் ஓடுகிற நரம்பாக இருக்கலாம். முழங்கையை மடக்கியே வைத்திருந்தால் அது இழுபடும். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கார்த்திக், உனக்குச் சுண்டுவிரலிலோ மோதிர விரலிலோ மதமதப்பு இருக்கிறதா? திடீரென்று டப் என்று சத்தம் கேட்டு, கை கன்றிப்போனது உண்டா? கையை முழுதாக நீட்ட முடிகிறதா?

கார்த்திக்: மதமதப்பு, சத்தம் எதுவும் இல்லை. நன்றாக நீட்ட முடிகிறது.

நித்யா: நல்லது. இதில் எது வந்தாலும் நான் சொல்வதை விட்டுவிட்டு டாக்டரிடம் போ. இப்போது, இரண்டு வாரத்துக்கு சின்-அப், நெகட்டிவ், பைசெப்ஸ் கர்ல் மூன்றும் நிறுத்தம். ஆனால் கையைச் சும்மா வைக்காதே. சும்மா இருந்தால் வலி போகும், டெண்டன் பலம் பெறாது. திரும்ப பாரைப் பிடித்ததும் வலி வந்துவிடும்.

கார்த்திக்: அப்போது என்ன செய்வது?

நித்யா: முன்கையை மேசையில் வை, உள்ளங்கை மேலே, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே. 3 கிலோ டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை நேராக, அசையாமல் 45 நொடி வை. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி, மொத்தம் ஐந்து முறை. தினமும் செய்யலாம். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் எடையைக் குறை.

கார்த்திக்: வலியோடு செய்யலாமா அக்கா? பயமாக இருக்கிறது.

நித்யா: லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் பாட்டில் மூடியைத் திருகிப் பார். முந்தின நாளைவிட அதிகமாக வலித்தால் எடை கூடிப்போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே இருந்தாலோ குறைந்தாலோ சரியான அளவு. உனக்கு அந்த மூடிதான் அளவுகோல். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் செய்யாதே, அளவுகோல் பொய் சொல்லும்.

திவ்யா: அக்கா, எனக்கு வலி இல்லை. ஆனால் பாரில் பத்து நொடிகூடத் தொங்க முடியவில்லை. ஜிம்மில் எல்லோரும் பாரில் ரப்பர் பேண்ட் மாட்டி அதன் உதவியோடு செய்யச் சொல்கிறார்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

நித்யா: உனக்கும் அவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே பாதைதான் திவ்யா, நீ இன்றைக்கே தொடங்கலாம். ராக்கில் பாரை இடுப்பு உயரத்தில் வை. அதன் கீழே சாய்ந்து, உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்து, நெஞ்சை பாரை நோக்கி இழு. கஷ்டமாக இருந்தால் பாரை உயர்த்து. உடம்பு நிமிர நிமிரச் சுமை குறையும். 3 செட், எட்டிலிருந்து பன்னிரண்டு. கார்த்திக்கும் இதைச் செய்யலாம், ஆனால் பட்டையில் தொங்கும் ரிங் இருந்தால் அதில் செய்யட்டும்.

கார்த்திக்: ரிங்கில் என்ன வித்தியாசம்?

நித்யா: நேரான பாரில் உள்ளங்கை முகத்தைப் பார்க்கப் பிடித்தால் முன்கை கடைசி வரை திரும்பி நிற்கிறது. மேலே போகும்போது மணிக்கட்டு கொஞ்சம் திரும்ப ஆசைப்பட்டாலும் பார் விடாது, அந்த முறுக்கு முழங்கைக்குப் போகும். ரிங் கையோடு சேர்ந்து திரும்பும். இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று பார்க்கிற கைப்பிடியும் நல்லது. உட்கார்ந்து மேலிருந்து கீழே இழுக்கிற லாட் புல்-டவுன் மெஷினுக்கு அந்தக் கைப்பிடி பெரும்பாலும் இருக்கும். அதில் 25, 30 கிலோவில் தொடங்கு.

பிரபு அண்ணன்: பேண்ட் பற்றிச் சொல்லவில்லையே?

நித்யா: பேண்ட் கீழே இருக்கும்போது நிறையத் தூக்கிவிடும், மேலே போகப் போகக் கைவிட்டுவிடும். இவன் மணிக்கட்டைச் சுருட்டுவதே மேலேதான். அதனால் எனக்குப் பிடித்தது வேறு. பாரை நெஞ்சு உயரத்தில் வைத்து, கீழே குந்தி, பாதங்களைத் தரையில் ஊன்றி, காலால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உதவி கொடுத்து மேலே போ. வலித்தால் அந்த நொடியே காலில் அழுத்தலாம். பேண்டில் அது முடியாது.

பிரபு அண்ணன்: எனக்கு பேண்டில் நன்றாகத்தான் வந்தது. அது இருக்கட்டும். தினமும் பாரில் சும்மா தொங்குவது முழங்கைக்கு நல்லது, அதையாவது சேர்த்துக்கொள்ளச் சொல்.

நித்யா: அதில் எனக்குத் தீர்மானமில்லை அண்ணா. என்னிடம் வருகிறவர்களில் தொங்கினால் இதமாக இருக்கிறது என்பவர்களும் உண்டு, பிடி இறுக்கத்தால் வலி கூடியவர்களும் உண்டு. காலைத் தரையில் வைத்து, பாதி எடையோடு 15 நொடி தொங்கிப் பார்க்கட்டும். மறுநாள் மூடி சொல்லிவிடும்.

செல்வி சித்தி: இதெல்லாம் எத்தனை நாளில் சரியாகும்மா?

நித்யா: ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம் சித்தி, சிலருக்கு இன்னும் கூடும்.

*மூன்று வாரம் கழித்து*

கார்த்திக்: அக்கா, 45 நொடி 5 கிலோவில் பிடிக்கிறேன். மூடி திருகினால் வலி பத்துக்கு ஒன்றுதான். காலை ஊன்றிச் செய்வது 8 வருகிறது. ஒரு நாள் ஆசைப்பட்டு பைசெப்ஸ் கர்ல் நான்கு செட் செய்தேன், மறுநாள் மூடி நாலு என்றது.

நித்யா: கர்லும் அதே முழங்கைக் கணக்கில்தான் சேரும். அதை இன்னும் மூன்று வாரம் விடு. அசையாமல் பிடிப்பதற்குப் பதிலாக இனிமேல் 3 கிலோவை மூன்று நொடியில் ஏற்றி மூன்று நொடியில் இறக்கு. 3 செட், 15 தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

கார்த்திக்: நெகட்டிவ்?

நித்யா: காலின் உதவியைக் கிட்டத்தட்ட எடுத்துவிட்டு, மணிக்கட்டு சுருளாமல் 8 வந்த பிறகு. அப்போதும் 2 செட், செட்டுக்கு 3, வாரம் ஒரு நாள். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். பிடிமானம் போகிற இடம் வந்ததும் காலை ஸ்டூலில் ஊன்றிவிடு, விழாதே.

பிரபு அண்ணன்: பழைய சின்-அப் பிடிக்கு எப்போது வரலாம்?

நித்யா: வரலாம், வராமலும் போகலாம் அண்ணா. சில முழங்கைகளுக்கு நேரான பாரில் அந்தப் பிடி ஒத்துவருவதே இல்லை. பிறகு பார்ப்போம்.

திவ்யா: நான் இன்றைக்கு 22 நொடி தொங்கினேன்! பார் இடுப்பு உயரத்தில் பத்து இழுவையும் வந்துவிட்டது.

நித்யா: அப்படியானால் பாரை ஒரு துளை கீழே இறக்கு. மணிக்கட்டு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் வீடியோ எடுத்து அனுப்பு.