கோலாட்டப் பாட்டில் தட்டு தவறிய கதை

குடமுருட்டிக்கரை: ஆடிப்பெருக்குக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் கோலாட்டம் ஆட நான்தான் பாட்டு எழுதினேன்.

காவிரி வந்தது வாய்க்கால் நிறைந்தது
மதகு திறந்ததும் வயலில் பாய்ந்தது

படிக்க நன்றாகத்தான் இருந்தது. கோல் தட்டிப் பாடியதும் "மதகுதி, றந்ததும்" என்று கேட்டது. மதகுதி யாரென்று ஒரு வாண்டு கேட்டான்! அடிக்கு நான்கு தட்டு, தட்டுக்குத் தகதிமி. எங்கே தப்பு?

நெல்லுச்சோறு: எழுத்தை எண்ணுங்கள். எல்லா அடியிலும் ஒரே எண்ணிக்கை வந்தால் போதும்.

பழைய தவில்: எழுத்து உதவாது, மாத்திரையை எண்ணுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு. காவிரி நான்கு, வந்தது நான்கு, வாய்க்கால் நான்கு. 'நிறைந்தது' ஐந்து. தட்டு 'நி' என்ற நோஞ்சான் மேல் விழுகிறது, கனமான 'றைந்' தட்டுக்கு வெளியே நிற்கிறது, அடுத்த அடியும் தள்ளிப்போகிறது. இரண்டாம் அடியைப் புதுத் தட்டில் தொடங்கினாலும் மதகு மூன்றுதான். அதனால் 'தி' முன்தட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்த தட்டு 'றந்' மேல் விழுகிறது. தொடையில் தட்டிக்கொண்டே பேசிப் பாருங்கள், எந்தச் சொல் உடைகிறதென்று அங்கேயே தெரியும்.

காவிரி வந்தது வாய்க்கால் ஓடுது
மதகைத் தூக்கிட வயலில் பாயுது

இப்போது தட்டுக்கு ஒரு சொல். மதகு, வயல் மோனையும் தட்டிலேயே விழுகிறது.

அரசலாற்றுக்காரி: சுருதி ஏறிப்போயிருக்கும். அரைக்கட்டை இறக்கிப் பாடச் சொல்லுங்கள்.

பழைய தவில்: அம்மா, இது குரல் எட்டாத பிரச்சினை இல்லை.

நடவுப்பாட்டு: நாற்று நடும்போது என் பாட்டி இதற்கெல்லாம் சொல்லை மாற்றமாட்டார். குறைந்த இடத்தில் ஒரு 'ஏலேலோ' போடுவார், முடிந்தது.

பழைய தவில்: குறைந்தால் நிரப்பலாம், கூடினால் என்ன செய்வது? வயலில் பாடுபவர் கொஞ்சம் இழுத்தால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். கோல் காத்திருக்காது.

குடமுருட்டிக்கரை: நேற்று பாடிப் பார்த்தோம். தட்டு சரி. ஆனால் குதித்து ஆடும் பிள்ளைகளுக்கு இரண்டாம் அடி முடிவில் மூச்சு வாங்குகிறது.

பழைய தவில்: என் தப்புதான். பதினாறு மாத்திரையையும் அடைத்துவிட்டேன். 'வயலில் பாயுது' வேண்டாம், 'வயலில் நீர்' என்று நிறுத்துங்கள். நீர் இரண்டு, மிச்சம் இரண்டு மூச்சுக்கு.

நெல்லுச்சோறு: வாய்க்காலுக்குப் பதில் கால்வாய் போடலாமே? அதுவும் நான்குதான், காவிரியோடு மோனையும் கிடைக்கும்.

நடவுப்பாட்டு: எங்கள் வயலுக்கு வருவது வாய்க்கால்தான். கால்வாய் என்று எங்கள் ஊரில் யார் சொல்கிறார்கள்?

குடமுருட்டிக்கரை: வீட்டிலும் இதே சண்டைதான். பெரியவள் கால்வாய் பாடுகிறாள், சின்னவன் வாய்க்கால்.