புதுப்பிப்பு: பயண நிதிக் கடிதம் ஏற்கப்பட்டது

“லிஸ்பன் மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் பயண நிதி கேட்ட கடிதம் திரும்பிவிட்டது. எங்கே பிழை?”

உதவியவர்களுக்கு நன்றி, நிதி கிடைத்துவிட்டது. பேராசிரியர் ஐயா சொன்னதுதான் பலித்தது. ஆய்வின் அருமையை விவரித்த முதல் பத்தியை நீக்கி, “கட்டுரை வாய்மொழி அமர்வுக்கு ஏற்கப்பட்டுள்ளது, மூன்று ஆசிரியர்களில் நானே வாசிக்கிறேன்” என்று தொடங்கினேன், ஏற்புக் கடிதத்தையும் இணைத்தேன்.

தொகையைக் குறைக்கச் சொன்ன நண்பர் பாதி சரி. பதிவுக் கட்டணத்தை மாநாடே தள்ளுபடி செய்கிறது, விமானக் கட்டணம் மட்டும் தேவை என்று பிரித்துக் காட்டியதே உதவியது. தோழி ஒருவர் அனுப்பிய விசா கடித மாதிரி இதற்குப் பொருந்தவில்லை; தூதரகத்துக்குப் பயன்பட்டது.

எதிர்பாராதது: பணம் ஊர் திரும்பிய பிறகே வரும், அதற்குப் போர்டிங் பாஸ் வேண்டும். வெயில் பட்ட பையிலிருந்த ஒன்றில் எழுத்து மங்கிவிட்டது. விமான நிறுவனச் சான்றை ஏற்பார்களா என்று காத்திருக்கிறேன்.