பத்து டன் பிரஸ்ஸும் பக்கத்து வீட்டுப் பானையும்

பேட்டை பட்டறை:
பேட்டையில சின்னப் பட்டறை. 10 டன் பவர் பிரஸ்ல வாஷர் அடிக்கோம். சுவத்துக்கு அந்தப் பக்கம் வீடு. அங்க உள்ள ஆச்சி வந்து, "அடுக்குப்பானை எல்லாம் கிலுகிலுன்னு ஆடுது ய்யா, கைப்பிள்ளை தூங்க மாட்டேங்கு"ன்னாங்க. மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.

பவுண்டேஷனைக் கவனமாத்தான் போட்டேன். பிரஸ் 900 கிலோ வரும். அதுக்கு 1.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் ஆழம்னு கான்கிரீட் கட்டை. அதுவே 2.6 டன், மிஷினைப் போல மூணு மடங்கு. நாலு பக்கமும் 50 மில்லி தெர்மாகோல் வச்சு, தரையோட ஒட்டாம வார்த்தோம்.

போன மாசம் ஒரு டம்ளர் தண்ணியைக் கட்டை மேல வச்சுப் பார்த்தேன், அப்புறம் தரையில வச்சேன். ரெண்டுலயும் ஒண்ணுபோல அலை எழும்புது. தெர்மாகோல் வச்ச கோட்டுல உளியால கொத்தினதும் காரணம் தெரிஞ்சுது. தரை பூசுன கொத்தனார், இடைவெளி பார்வைக்கு நல்லால்லைன்னு அதுக்கு மேலேயே ரெண்டு இஞ்ச் கனத்துக்குப் பூசியிருக்கார். தெர்மாகோல் கீழே சும்மா கிடக்கு. மேலே கட்டையும் தரையும் ஒரே கல்லு.

சுத்திவர அறுத்து எடுத்துட்டு, இளக்கமான சீலன்ட் வச்சு அடைச்சோம். கட்டையில இருந்து சுவத்துக்கு ஏறுன இரும்புக் குழாயை மாத்தி, வயருக்கு வளையுற ஹோஸ் போட்டோம். இப்ப தரை டம்ளர்ல அலை ரொம்பக் குறைஞ்சிட்டு. ஆனா ஆச்சி வீட்டுப் பானை இன்னும் ஆடுது, முன்னைக்குக் கொஞ்சம் கம்மி. அடுத்து என்ன செய்யலாம்?

தச்சநல்லூர்:
அண்ணாச்சி, பிரஸ் காலுக்கு அடியில 10 மில்லி ரப்பர் ஷீட் வெட்டிப் போடுங்க. எங்க கம்ப்ரஸருக்கு அப்படித்தான் போட்டோம், சத்தமே அடங்கிட்டு. கட்டை, இடைவெளி எல்லாம் வீண் செலவு.

மானூர் லேத்:
எனக்கும் இதே பிரச்சினை. ஆறடி லேத். நீளமான ஷாப்ட் கடைஞ்சா ஒரு முனைக்கும் மறு முனைக்கும் அளவு மாறுது. மழைக்கு முன்னாடி சரியா இருந்துச்சு. கரிசல் மண்ணு. நானும் ரப்பர் போடட்டா?

பழைய மெயின்டனன்ஸ்:
மானூர் தம்பி, உங்களுக்கு ரப்பர் வேண்டாம். கரிசல் மழைக்கு ஊதும், கோடைக்குப் பிளக்கும். அதுல தரை அசைஞ்சு பெட் முறுக்கியிருக்கும். ஸ்பிரிட் லெவலை ரெண்டு முனையிலயும் குறுக்கே வச்சுப் பாருங்க. குமிழி ஒரே இடத்துல நிக்கலைன்னா அதுதான். லெவல் திருத்துங்க, மழைக்கப்புறம் இன்னொரு தரம் பாருங்க.

தச்சநல்லூர் சொன்னதுல பாதி சரி. ரப்பர் எவ்வளவு அமுங்குதுங்கிறதுதான் கணக்கு. மிஷின் எடைக்கு அரை மில்லிதான் அமுங்குதுன்னா, அதுக்கு மேல உள்ள மிஷின் தானா ஆடுற வேகம் செகண்டுக்கு சுமார் 22 தடவை. பிரஸ் மோட்டார் 1440 ஆர்பிஎம், அதாவது செகண்டுக்கு 24. ரெண்டும் கிட்டக்கிட்ட நின்னா ஆட்டம் குறையாது, கூடும். 4 மில்லி அமுங்குற மவுன்ட்டா இருந்தா 8 ஆயிடும், அதுதான் உதவும்.

பேட்டை அண்ணாச்சிகிட்ட ஒரு கேள்வி. மோட்டார் சும்மா ஓடும்போது பானை ஆடுதா, அடி விழும்போது மட்டுமா?

பேட்டை பட்டறை:
அடி விழும்போது மட்டும்தான். வெளிவட்டம் 30 மில்லி, துளை 12, தகடு 2 மில்லி எம்.எஸ். ஒரே அடியில துளையும் விழும், வாஷரும் விழும். கட்டைக்கு அடியில சுக்கான் பாறை.

பழைய மெயின்டனன்ஸ்:
சுத்தி இடைவெளி விட்டா அதிர்ச்சி பக்கவாட்டுல தரைக்குப் போகாது. அடியில இறங்குறதை அது தடுக்காது. சுக்கான் அப்படியே பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்குக் கொண்டு போவும்.

அடியைக் குறைங்க. வெளிவட்டம் வெட்ட சுமார் 6.7 டன், துளைக்கு 2.7. ரெண்டும் ஒரே நேரத்துல விழுந்தா 9.4. பத்து டன் பிரஸ் விறைச்சு நின்னு, தகடு அறுந்ததும் சட்டுன்னு விடுபடும். அந்த அதிர்ச்சிதான் கீழே இறங்குது. துளை பஞ்சை ஒரு தகடு கனத்துக்கு, 2 மில்லி, குட்டையா அரைச்சுப் பாருங்க. பெரிசு வெட்டி முடிச்ச பிறகு சின்னது வெட்டும். உச்ச பாரம் 6.7-லயே நின்னுரும். பஞ்ச் அப்பவும் டைக்குள்ள இறங்குதான்னு ஸ்ட்ரோக்கைச் சரிபார்த்துக்கிடுங்க.

பேட்டை பட்டறை:
பத்து நாள் கழிச்சு எழுதுதேன். பஞ்சை அரைச்சாச்சு. "டம்"முன்னு விழுந்தது இப்ப "டக் டக்"குன்னு ரெண்டாக் கேக்கு. ஆச்சி வீட்டுக்கே போய் நின்னு பார்த்தேன். அடுக்குப்பானை அசையலை. அலமாரியில கண்ணாடித் தம்ளர் ரெண்டு ஒட்டி இருந்துச்சு, அது மட்டும் மெல்லக் கிணுகிணுங்குது.

தச்சநல்லூர்:
4 மில்லி அமுங்குற மவுன்ட்ல பிரஸ் நின்னா அடிக்கு அடி ஆடாதா? டை செட்டிங் என்னாகும்?

பழைய மெயின்டனன்ஸ்:
பிரஸ் ஆடும். பஞ்சும் டையும் ஒரே பிரேம்ல இருக்கிறதால வெட்டு கெடாது. ஆனா ஸ்ட்ரிப்பைக் கையால தள்ளுற ஆளுக்கு அது சிரமம், விரல் கிட்ட நிக்குது. கை புகாதபடி கார்டு இல்லாம நான் மவுன்ட்டுக்குச் சம்மதிக்க மாட்டேன்.

பேட்டை பட்டறை:
ஸ்ட்ரிப் தள்ளுறது என் தம்பி. கார்டு மாட்டின பிறகுதான் மவுன்ட் விலை கேட்கப் போறேன்.